வாங்குன விலை வரட்டும்னு காத்திருக்கிறது பத்தி

"அண்ணே, ராயபுரத்துல இருந்து கேக்குறேன். ஒரு ஷேர் 250 ரூபாய்க்கு 400 வாங்குனேன், இப்ப 95ல நிக்குது. இன்னொண்ணு 400 ரூபாய்க்கு 250 வாங்கி, 470 வந்ததும் வித்துட்டேன், அது இப்ப 720. எனக்கு எப்பவும் இப்படியேதான் ஆவுது. 95ல இருக்கிறத இன்னொரு 400 வாங்கி ஆவரேஜ் பண்ணிட்டு, போட்ட காசு வந்ததும் வெளிய வந்துடலாமா?"

தம்பி, நீங்க ஆவரேஜ் பண்ணலாமான்னு கேட்டாலும் அடியில இருக்கிற கேள்வி வேற. 250ங்கிற அந்த நம்பருக்கு இன்னைக்கு எடுக்கப்போற முடிவுல ஏதாச்சும் வேலை இருக்கா இல்லையாங்கிறதுதான் அது. என் பதில், வரிக்கணக்குக்கு மட்டும் வேலை இருக்கு, வேற எதுக்கும் இல்ல. இத ஏன் இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா, வண்ணாரப்பேட்டையில ஒரு புரோக்கர் கிளையில டீலரா பல வருஷம் உக்காந்து ஆர்டர் போட்டவன் நான், நீங்க சொன்ன இந்த ரெண்டு வரியத்தான் ஆள் மாத்தி ஆள் என் எதிர்ல உக்காந்து சொல்லியிருக்காங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், அந்த ஷேர் எதுன்னு நீங்க சொல்லல, சொல்லியிருந்தாலும் அது ஏறும் இறங்கும்னு நான் சொல்ல மாட்டேன். முடிவு எப்படி தப்பான எடத்துல மாட்டுதுன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்.

மொதல்ல, இது உங்க ராசி இல்ல. லாபத்துல இருக்கிறத சீக்கிரம் வித்துட்டு நஷ்டத்துல இருக்கிறத புடிச்சு வெச்சுக்கிற இந்த பழக்கத்துக்கு பேரே வெச்சு 1985லயே ஷெஃப்ரின், ஸ்டாட்மேன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்க. அப்புறம் டெரன்ஸ் ஓடீன்ங்கிறவர் அமெரிக்காவுல ஒரு புரோக்கர்கிட்ட இருந்து 10,000 கணக்கு வாங்கி, 1987ல இருந்து 1993 வரைக்கும் யார் எத வித்தாங்கன்னு தோண்டி பாத்து 1998ல வெளியிட்டார். அவர் எண்ணுன விதம்தான் முக்கியம். ஒருத்தர் ஏதோ ஒரு ஷேர விக்கிற அன்னைக்கு, அவர் கையில லாபத்துல நின்ன ஷேர் எத்தனை, அதுல எத்தனைய வித்தார், நஷ்டத்துல நின்னது எத்தனை, அதுல எத்தனைய வித்தார்னு தனித்தனியா எண்ணுனார். லாபத்துல இருந்ததுல 14.8 சதவீதம் வித்திருக்காங்க, நஷ்டத்துல இருந்ததுல 9.8 சதவீதம்தான். அதாவது லாபத்துல இருக்கிற ஷேருக்கு விக்கிற வாய்ப்பு ஒண்ணரை மடங்கு அதிகம். சரி, வித்தவங்களுக்கு வெவரம் தெரிஞ்சுதான் வித்தாங்களோன்னு கேப்பீங்க, அதையும் பாத்தார், வித்த லாப ஷேருங்க அடுத்த ஒரு வருஷத்துல, விக்காம வெச்சிருந்த நஷ்ட ஷேருங்கள விட சராசரியா 3.4 சதவீதம் அதிகமா குடுத்திருக்கு. அதாவது விட்டதுதான் ஓடுச்சு, புடிச்சது பின்தங்குச்சு, உங்க கதையேதான்.

உங்க கணக்கையே பாருங்க. 95ல நிக்கிறதுல நஷ்டம் 400 ஷேருக்கு 155 ரூபா வீதம் 62,000. 470ல வித்ததுல விட்டது 250 ஷேருக்கு 250 ரூபா வீதம் 62,500. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை, ஆனா ராத்திரி தூக்கத்த கெடுக்கிறது மொதல் தொகை மட்டும்தான், ரெண்டாவதுக்கு "சே"ன்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிருக்கும். கைய விட்டு போன லாபம் எந்த ஆப்லயும் சிவப்புல தெரியாது.

ஏன் இப்படி ஆவுதுன்னா, கானமன், ட்வெர்ஸ்கிங்கிற ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க 1979ல எழுதுன கட்டுரையில ஒரு பரிசோதனை இருக்கு, அத ஒரு நிமிஷம் உங்களுக்கு நீங்களே வெச்சு பாருங்க. உறுதியா 3,000 வேணுமா, இல்ல 80 சதவீத வாய்ப்புல 4,000, மிச்ச 20 சதவீதத்துல ஒண்ணுமில்ல, எது வேணும்னு கேட்டாங்க. நூத்துக்கு எம்பது பேரு உறுதியான 3,000த்த எடுத்தாங்க. அதையே திருப்பி, உறுதியா 3,000 இழக்கிறீங்களா, இல்ல 80 சதவீத வாய்ப்புல 4,000 இழந்து 20 சதவீத வாய்ப்புல தப்பிக்கிறீங்களான்னு கேட்டா, நூத்துக்கு 92 பேரு ரெண்டாவதுக்கு போனாங்க. கணக்கு போட்டா அந்த சூதாட்டத்தோட சராசரி இழப்பு 3,200, உறுதியா இழக்கிறத விட மோசம், ஆனாலும் போனாங்க. லாபம்னா "கையில வந்தது போதும்", நஷ்டம்னா "ஒரு கை பாத்துடலாம்". உங்க 470ல வந்தது மொதல் குணம், 95ல நிக்கிறது ரெண்டாவது குணம், ரெண்டும் ஒரே மனுஷனுக்குள்ள ஒரே நாள்ல நடக்கும். இதுல லாபம், நஷ்டம்ங்கிறத எந்த எடத்துல இருந்து அளக்குறோம்ங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது, ஷேர்ல அந்த எடம் வாங்குன விலை. 60க்கு வாங்குனவருக்கு அதே 95 லாபம், அவர் வித்துட்டு போயிட்டே இருப்பார். கம்பெனி ஒண்ணு, விலை ஒண்ணு, முடிவு மட்டும் ரெண்டு.

இதுவரைக்கும் சொன்ன நடத்தை உறுதியானது, பல நாட்டு தரவுல பாத்துட்டாங்க. காரணம் என்னங்கிறதுல மட்டும் இன்னும் பேச்சு முடியல. இழப்போட வலி அதே அளவு லாபத்தோட சந்தோஷத்த விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல, அந்த 2.25ங்கிற நம்பர் 1992ல 25 மாணவர்கள்கிட்ட கேட்டு வந்தது, அத எல்லா மனுஷனுக்கும் எல்லா தொகைக்கும் பொருந்துற விதி மாதிரி எடுத்துக்க கூடாது. அதோட பார்பெரிஸ், ஷியாங்னு ரெண்டு பேரு 2009ல கணக்கு போட்டு காட்டுனாங்க, வலி அதிகம்ங்கிறத மட்டும் வெச்சு பாத்தா சில சமயம் ஆளுங்க இதுக்கு நேர் எதிரா நடக்கணும்னு வருது. விக்கிற அந்த நிமிஷத்துலதான் வலியும் சந்தோஷமும் மனசுல பதியுதுன்னு வெச்சுக்கிட்டாதான் நாம நெசத்துல பாக்குறது பொருந்தி வருது. எனக்கு இது சரின்னு படுது. ஸ்க்ரீன்ல மைனஸ் 62 சதவீதம்னு மாசக்கணக்கா பாத்துட்டே இருப்பாங்க, ஒண்ணும் ஆவாது, விக்கலாமான்னு கேட்டா மட்டும் முகம் மாறிடும். "வித்தாதான சார் நஷ்டம், விக்காத வரைக்கும் வெறும் பேப்பர்தான"ன்னு ஒரு பதில் வரும். விக்கிற வெல ஸ்க்ரீன்ல 95ன்னு இருந்தா உங்க சொத்து 38,000தான், நீங்க வித்தாலும் விக்காட்டியும்.

இன்னொரு காரணம், நம்ம தேர்வு தப்புன்னு ஒத்துக்க மனசு வராதது. 2016ல சாங், சாலமன், வெஸ்டர்ஃபீல்டுன்னு மூணு பேரு ஒரு விஷயம் காட்டுனாங்க, நேரா வாங்குன ஷேர்ல நஷ்டத்த புடிச்சு வெச்சுக்கிற அதே ஜனம், மியூச்சுவல் ஃபண்டுன்னா நஷ்டத்துல இருக்கிறத சீக்கிரமா வித்துடுது. அங்க திட்டறதுக்கு ஃபண்டு மேனேஜர்னு ஒருத்தர் இருக்கார். நான் கவுண்டர்ல பாத்ததும் இதேதான், ஃபண்டு 10 சதவீதம் இறங்குனா "ஆள் சரியில்ல, மாத்துங்க"ம்பாங்க, சொந்தமா தேடி வாங்குன ஷேர் 60 சதவீதம் இறங்குனாலும் "கொஞ்சம் டைம் குடுக்கலாம்"பாங்க.

இப்ப ஆவரேஜ் பண்ற கதைக்கு வரேன், போட்டாச்சேங்கிற பாசம் நேரா காசு கேக்குற எடம் இதுதான். 95ல இன்னொரு 400 வாங்குனா உங்க சராசரி 172 ரூபா 50 காசுன்னு ஆப் காட்டும். முன்னாடி போட்ட காசு வர 163 சதவீதம் ஏறணும், இப்ப 82 சதவீதம் ஏறுனா போதும், பாதி தூரம் கொறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா கரை ஒரு அடி கூட கிட்ட வரல. மீட்க வேண்டிய தொகை அதே 62,000, அதுக்காக மாட்டி வெச்ச காசு 38,000ல இருந்து 76,000 ஆயிடுச்சு, அவ்ளோதான் மாறுனது. அந்த ரெண்டாவது 38,000 புதுக் காசு, அதுக்கு எந்த கடந்த காலமும் கிடையாது. ஒரு ஷேர் கூட கையில இல்லாதவரா இருந்தா இன்னைக்கு இந்த கம்பெனிக்கு 38,000 போடுவீங்களான்னு கேளுங்க, ஆமான்னா அது முதலீடு, 250க்காகன்னா பழைய பில்லுக்கு புதுசா கட்டுற வட்டி.

ஊர் அறிஞ்ச உதாரணம் ஒண்ணு சொல்றேன். யெஸ் பேங்க் ஷேர் 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய ஒட்டி இருந்துச்சு. அது எறங்க எறங்க ஒவ்வொரு படியிலயும் முந்துன விலையோட ஒப்பிட்டா மலிவாத்தான் தெரிஞ்சிருக்கும், 200 வந்தப்ப பாதி விலை, 100 வந்தப்ப கால் விலை. 2020 மார்ச்ல ரிசர்வ் வங்கி அந்த பேங்குக்கு தற்காலிக தடை போட்டு, அப்புறம் மறுசீரமைப்பு திட்டம் வந்தப்ப, 100 ஷேரோ அதுக்கு மேலயோ வெச்சிருந்தவங்களோட 75 சதவீத ஷேர மூணு வருஷத்துக்கு விக்க முடியாம பூட்டிட்டாங்க. அதே வருஷம் ஜூலைல கம்பெனியே புது ஷேர 12 ரூபாய்க்கு வெளியிட்டுச்சு. ஆவரேஜ் பண்ணி எண்ணிக்கைய கூட்டுனவங்களுக்குத்தான் பூட்டுனதும் அதிகம். எறங்குன விலைங்கிறது கம்பெனி மலிவாயிடுச்சுன்னு சொல்லுதா, இல்ல உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு சொல்லுதாங்கிறது உங்க சராசரியில இருந்து தெரியவே தெரியாது.

எம்.சி. ரோட்டுல ஜவுளிக் கடை வெச்சிருந்த ஒரு பெரியவர் எங்ககிட்ட கணக்கு வெச்சிருந்தார். ஆடி மாசம் வந்தா நிக்கிற சரக்க கொள்முதல் விலைக்கும் கீழ தள்ளி விடுவார், கேட்டா "தீபாவளி சரக்கு எறக்கணும் தம்பி, இது எடத்தையும் புடிச்சுக்குது பணத்தையும் புடிச்சுக்குது"ம்பார். கடையில அவருக்கு கொள்முதல் விலை ஞாபகத்துலயே இருக்காது, இந்த காச வெச்சு அடுத்து என்ன பண்ணலாம்ங்கிறதுதான் கணக்கு. அதே மனுஷன் ஷேர்ல மட்டும் வாங்குன விலைய சட்டைப் பையில ஒரு துண்டு சீட்டுல எழுதி வெச்சிருப்பார். புத்தி இல்லாததால வர்ற பழக்கம் இல்ல இது, கடையில நிக்கிற சரக்கு தினமும் கண்ணுல குத்துது, டீமேட்ல நிக்கிறது குத்தறதில்ல.

அதனால எங்க கிளையில நான் கேட்டுட்டு இருந்த ஒரே கேள்வி இதுதான். ராத்திரியோட ராத்திரியா உங்க ஷேர் மொத்தமும் தானா வித்து, காலையில பேங்குல காசா கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. 38,000 இருக்கு. இன்னைக்கு அத வெச்சு என்ன வாங்குவீங்க? அதே ஷேரத்தான்னா வெச்சுக்கோங்க, வேறன்னா நீங்களே பதில் சொல்லிட்டீங்க. இது நான் கண்டுபுடிச்சது இல்ல, வெபர், கேமரர் 1998ல ஒரு சோதனையில, ஷேர் எல்லாம் தானா வித்துட்டு வேணும்னா திரும்ப வாங்கிக்கலாம்னு வெச்சாங்க, அப்ப இந்த நஷ்டத்த புடிச்சு வெக்கிற பழக்கம் நல்லாவே கொறைஞ்சுது. விக்கிறதுங்கிற வேலைய தலையில இருந்து எறக்கிட்டா மனசு நேரா யோசிக்குது.

தொலைச்ச எடத்துலதான் தேடணும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க, காசுக்கு அது பொருந்தாது. 38,000 ஒரு லட்சம் ஆவணும்னா 163 சதவீதம் வளரணும், வருஷம் 12 சதவீதம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா (உறுதி இல்ல, பேச்சுக்குத்தான்) எட்டரை வருஷம் ஆவும். இந்த ஷேர்ல வளர்ந்தாலும் இண்டெக்ஸ் ஃபண்டுல வளர்ந்தாலும் வந்து சேர்ற ஒரு லட்சம் ஒரே லட்சம்தான். எது 12 சதவீதத்துக்கு பக்கத்துல போக வாய்ப்பு அதிகம்ங்கிறது மட்டும்தான் மிச்சம் இருக்கிற கேள்வி.

வரிக்கணக்குக்கு மட்டும் 250 வேணும்னு சொன்னேன் இல்ல, அது இங்க வருது, இத நெறைய பேரு கோட்டை விடறாங்க. நீங்க 470ல வித்த லாபம் 17,500. வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வித்திருந்தா அது குறுகிய கால லாபம், 2024 ஜூலை 23ல இருந்து 20 சதவீத வரி, செஸ் சேத்தா 3,640 ரூபா. 95ல நிக்கிறதையும் வாங்கி ஒரு வருஷம் ஆவறதுக்குள்ள, அதே நிதியாண்டுலயே வித்தீங்கன்னா, 62,000 நஷ்டத்துல 17,500 இதுல கழிஞ்சு அந்த 3,640 மிச்சம். பாக்கி 44,500 நஷ்டத்த எட்டு வருஷம் வரைக்கும் எடுத்துட்டு போயி வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம், ஆனா ரிட்டர்ன கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும், அது தவறுனா போச்சு. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்னு பொறுத்து 12 மாசம் தாண்டிட்டா அது நீண்ட கால நஷ்டம் ஆயிடும், அத நீண்ட கால லாபத்துலதான் கழிக்க முடியும், அந்த 17,500ல கழிக்க முடியாது. நீண்ட கால லாபத்துக்கு வருஷம் 1.25 லட்சம் வரைக்கும் எப்படியும் வரி இல்லைங்கிறதால, சின்ன முதலீட்டாளருக்கு அந்த நஷ்டம் பல சமயம் உபயோகமே இல்லாம போயிடும். ஓடீன் பாத்த கணக்குலயும் டிசம்பர் மாசம் மட்டும் ஆளுங்க நஷ்ட ஷேர அதிகமா வித்தாங்க, அவங்களுக்கு அது வரி வருஷ கடைசி மாசம், நமக்கு மார்ச். கம்பெனி மேல நெசமாவே நம்பிக்கை இருந்தா கூட வித்து நஷ்டத்த பதிவு பண்ணிட்டு திரும்ப வாங்கிக்கலாம், அமெரிக்கா மாதிரி 30 நாள் காத்திருக்கணும்ங்கிற விதி நம்மகிட்ட கிடையாது. ஒரே நாள்ல வித்து வாங்கிடாதீங்க, அது இன்ட்ராடேன்னு போயிடும், அடுத்த நாள் வாங்குங்க. தொகை பெருசுன்னா ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நஷ்டத்துல இருக்கிற எல்லாத்தையும் வித்துடுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, அது இன்னொரு முட்டாள்தனமான விதி. 2020 ஜனவரியில 12,400 கிட்ட இருந்த நிஃப்டி மார்ச்ல 7,600க்கு வந்து, நவம்பர்லயே பழைய எடத்த தாண்டிச்சு. அப்ப பயந்து வித்தவங்க பண்ணதும் தப்புதான். வித்தியாசம் கண்டுபுடிக்க மொத வேலை, நீங்க வாங்குன தேதியில இருந்து இண்டெக்ஸும் அதே தொழில்ல இருக்கிற மத்த கம்பெனிங்களும் எவ்ளோ எறங்குச்சுன்னு பாக்குறது. எல்லாம் சேந்து எறங்கியிருந்தா விலை சொல்ற சேதி கம்மி. இது மட்டும் தனியா 62 சதவீதம் எறங்கியிருந்தா ஏதோ தெரிஞ்சவங்க வெளிய போயிட்டு இருக்கலாம், எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்ல போயி புரமோட்டர் ஷேர அடமானம் வெச்சிருக்கிறது ஏறுதா, ஆடிட்டர் நடுவுல விலகுனாரா, கடன் கூடுதான்னு பாருங்க. வாங்குனப்ப என்ன காரணத்துக்காக வாங்குனீங்களோ அது இன்னும் நிக்குதாங்கிறதையும் பாருங்க, காரணமே ஞாபகம் இல்லைன்னா அதுவே ஒரு பதில்.

லாபத்துல வித்த பக்கம் கொஞ்சம் சிக்கல். 720 போகும்னு 470ல யாருக்கும் தெரியாது, 300க்கும் வந்திருக்கலாம், அதனால அந்த ஒரு விற்பனைய மட்டும் வெச்சு நீங்க தப்புன்னு என்னால சொல்ல முடியாது. நான் கேக்குறது வேற, எதுக்காக வித்தீங்க? காசு தேவைப்பட்டுச்சு, இல்ல ஒரே ஷேர்ல மொத்த சேமிப்புல பாதி சேந்துடுச்சுன்னா அது நல்ல காரணம். பச்சையில இருக்கும்போதே எடுத்துடணும்னு வித்திருந்தா, காரணம் மறுபடியும் வாங்குன விலைதான். அந்த 1,17,500 எங்க போச்சுன்னும் பாருங்க. ஓடுறத வித்த காசு, படுத்ததோட ஆவரேஜுக்கு போறத நான் நெறைய பாத்திருக்கேன், அப்படி நாலஞ்சு வருஷம் போனா கணக்குல மிஞ்சுறது முழுக்க படுத்ததா இருக்கும்.

அந்த 95 ரூபா ஷேர எந்த மாசம் வாங்குனீங்கன்னு மட்டும் கீழ போடுங்க, ஒரு வருஷம் எப்ப முடியுதுன்னு பாத்து வரிப் பக்கத்த சரியா சொல்றேன். அதுவரைக்கும் அந்த ரெண்டாவது 400க்கு ஆர்டர் போடாதீங்க.